அணாவும் நயா பைசாவும்: டீக்கடைக் கணக்கைச் சிறுகதையாக எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ராத்திரி, விளக்கு, அப்பா, மகன், கல்லாப்பெட்டி. இந்த ஐந்தையும் வைத்துச் சிறுகதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் விளக்கு வெளிச்சத்தில் தொடங்கி, அப்பாவின் காய்ப்பேறிய கையைக் காட்டி, கணக்கை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். "கூட்டிப் பார்த்தார்கள், கொஞ்சம் குறைந்தது" என்பதோடு சரி. எவ்வளவு குறைந்தது, ஏன் குறைந்தது என்று வாசகருக்குத் தெரியாது. பல சமயம் எழுதியவருக்கும் தெரியாது. அப்புறம் அப்பாவின் கோபத்துக்கும் பையனின் அழுகைக்கும் காரணம் இல்லாமல் போய்விடுகிறது.

இந்தக் கதையில் நடப்பதே கணக்குதான். எனவே முதலில் அதைத் தாளில் போட்டு, ஒரு காசு பிசகாமல் நேராக்கிவிட்டு, அதன் பிறகு முதல் வரியை எழுத வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அடி முதல் நுனி வரை கட்டிக் காட்டுகிறேன். இடம் செங்கோட்டை பக்கம், கேரள எல்லை. காலம் 1957-ஆம் ஆண்டின் சாரல் மாதம்.

முதல் படி: கணக்கு தானாகவே குழம்பும் காலத்தைப் பிடியுங்கள்

பையன் கூட்டுகிற கணக்கு சாதாரணக் கணக்காக இருந்தால் கதை நகராது. அப்பாவும் மகனும் ஒரே பணத்தை இரண்டு விதமாக எண்ணுகிற ஒரு நேரம் வேண்டும். அப்படி ஒரு நேரம் நம் நாட்டில் உண்மையிலேயே வந்தது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா புழக்கத்துக்கு வந்தது. அதுவரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. அன்றிலிருந்து ஒரு ரூபாய்க்கு நூறு நயா பைசா. பழைய நாணயம் உடனே செல்லாமல் போகவில்லை. சில ஆண்டுகள் இரண்டும் ஒரே கல்லாவில் சேர்ந்தே கிடந்தன. 'நயா' என்ற சொல் விழுந்து வெறும் பைசா ஆனது 1964-ல்.

இதை ஏன் செங்கோட்டையில் வைக்கிறேன் என்றால், அந்த ஊர்க்காரருக்கு இது முதல் மாற்றம் இல்லை. செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல்தான் சென்னை மாநிலத்தோடு, திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. அதற்கு முன்பு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம், அதற்கும் முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானம். திருவிதாங்கூருக்குச் சொந்த நாணயம் இருந்தது: பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய். பக்கத்துத் தென்காசி அப்போது பிரிட்டிஷ் சீமை. அங்கே புழங்கிய ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். எல்லையில் கடை போட்டவர் இந்த அரைச் சக்கரத்தைக் கவனிக்காமல் பிழைக்க முடியாது. நம் கதையின் அப்பா சின்ன வயதில் சக்கரத்தில் கணக்குப் படித்தவர், வளர்ந்த பிறகு அணாவுக்கு மாறியவர், இப்போது இரண்டாவது முறையாக மாறச் சொல்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் யாரோ ஒருவர் கையிலிருந்து கொஞ்சம் கழன்றுபோகும் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும். இந்த ஒரு விஷயம் அவர் குணத்தை முக்கால்வாசி சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை. எல்லை என்றதும் அந்தப் பக்கம் ஒரு பணம், இந்தப் பக்கம் ஒரு பணம் என்று 1957-ல் எழுதிவிடாதீர்கள். அப்போது இரண்டு பக்கமும் ஒரே அணா, ஒரே நயா பைசாதான். எல்லை மட்டும் செங்கோட்டைக்குக் கிழக்கிலிருந்து மேற்கே மலைப்பக்கம் நகர்ந்துவிட்டது. சக்கரம் என்பது அப்பாவின் நினைவிலும், பாட்டியின் பேச்சிலும் மட்டும்தான் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: கணக்கைத் தாளில் போடுங்கள்

இங்கே அவசரப்படக் கூடாது. ஒரு டீ ஓரணா என்று வைத்துக்கொள்வோம். பதினாறு அணா நூறு பைசா என்றால் ஓரணா ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. அதனால் மாற்றுக்கு ஒரு விதி இருந்தது: அரைப் பைசாவும் அதற்குக் குறைவும் வந்தால் விட்டுவிட வேண்டும், அரைக்கு மேல் வந்தால் ஒரு பைசாவாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓரணாவுக்கு 6 பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு சரியாக 25. இந்த அட்டவணை அச்சாகிக் கடைகளில் தொங்கியது.

கதை முழுக்க அந்தக் கால் பைசாவில்தான் ஒளிந்திருக்கிறது. ஒருவர் பழைய ஓரணா நாணயம் கொடுத்து டீ குடித்தால் கடைக்காரருக்கு ஆறேகால் பைசா மதிப்பு வந்து சேர்கிறது. இன்னொருவர் புது நாணயத்தில் ஆறு பைசா கொடுத்துக் குடித்தால் கால் பைசா குறைகிறது. ஒரு டீயில் அது ஒன்றுமே இல்லை. பதினாறு டீயில் நாலு பைசா.

இப்போது ஒரு நாள் வியாபாரத்தை அமைப்போம். மொத்தம் 128 டீ. ஏன் 128? அணாவில் அது எட்டு ரூபாய், மிச்சம் இல்லாமல் வரும். அதில் 80 டீக்குப் பழைய நாணயம் வந்தது: ஐந்து ரூபாய். மீதி 48 டீக்கு ஆறு ஆறு பைசாவாகப் புது நாணயம் வந்தது: 288 பைசா, அதாவது இரண்டு ரூபாய் 88 பைசா. ஆக மொத்தம் ஏழு ரூபாய் 88 பைசா. அப்பா எதிர்பார்ப்பது எட்டு ரூபாய். குறைவது 12 பைசா.

அந்த 12 எப்படிப்பட்ட எண் என்று பாருங்கள். அட்டவணைப்படி 12 பைசா என்றால் இரண்டணா. அப்பாவின் மனதில் உடனே விழுவது "இரண்டணா காணோம்" என்பதுதான். இரண்டணா ஒரு முழு நாணயம். யாராவது எடுத்தால் காணாமல் போகக்கூடிய பொருள். ஐந்து பைசாவோ ஒன்பது பைசாவோ குறைந்திருந்தால் எண்ணிக்கைப் பிழை என்று விட்டுவிடலாம். சரியாக இரண்டணா குறைந்தால் ஆள் மேல் சந்தேகம் வரும். 48 என்ற எண்ணை நான் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். நீங்கள் வேறு எண்ணை எடுத்தாலும், குறைவது அப்பாவின் பழைய கணக்கில் ஒரு முழு நாணயமாக வருகிறதா என்று பாருங்கள்.

காலையில் கல்லாவில் போட்ட முதல் சில்லறையையும் மறக்கக் கூடாது. எந்தக் கடையிலும் அது உண்டு. கதை எழுதுகிறவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள். எட்டணா பழசு, ஐம்பது பைசா புதுசு, சேர்த்து ஒரு ரூபாய் என்று வையுங்கள். ராத்திரி பெட்டியைக் கவிழ்த்தால் எட்டு ரூபாய் 88 பைசா இருக்கும். அதில் முதலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் எண்ணுவார்கள். கதையிலும் அந்த வரிசை அப்படியே வரட்டும்.

மூன்றாம் படி: டீயை எண்ண ஒரு தனி வழி வேண்டும்

கல்லாவில் இருப்பதை மட்டும் எண்ணினால் குறைகிறதா கூடுகிறதா என்று யாருக்கும் தெரியாது. எத்தனை டீ போனது என்பதற்குக் காசோடு சம்பந்தமில்லாத இன்னொரு கணக்கு இருந்தால்தான் ஒப்பிட முடியும். சுவரில் கரிக்கோடு போடலாம். நான் புளியங்கொட்டையைத் தேர்ந்தெடுப்பேன்: ஒரு கிளாஸ் கொடுத்தால் ஒரு கொட்டை தகர டப்பாவில் விழும். சத்தம் கேட்கும், பையன் கையால் எண்ணலாம், குவிக்கலாம். பின்னால் அதே கொட்டையை வைத்து அவன் அப்பாவுக்கு விளக்கவும் முடியும். கரிக்கோட்டில் அது நடக்காது.

இன்னொரு ஏற்பாடும் முன்கூட்டியே தேவை. ஒருவர் கால் ரூபாயைக் கொடுத்து ஒரு டீ குடித்து, மீதி 19 பைசாவைப் புது நாணயத்தில் வாங்கிப் போனால் என்ன ஆகும்? மொத்தக் கணக்கு கெடாது, 25-ல் 19 போக 6 வந்துவிடும். ஆனால் பழசையும் புதுசையும் தனித்தனியாக எண்ணி உண்மையைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அப்பாவுக்கு ஒரு வழக்கம் கொடுங்கள்: பழசு கொடுத்தால் பழசில்தான் மீதி, புதுசு கொடுத்தால் புதுசில்தான் மீதி. மாற்றத்தை நம்பாத மனிதருக்கு இந்த வழக்கம் பொருத்தம்தான். கதையின் முதல் பக்கத்தில் இது போகிற போக்கில் வந்துவிட வேண்டும்:

*"பழசுக்குப் பழசு, புதுசுக்குப் புதுசு. கலக்காத" என்று சொல்லிவிட்டு அப்பா பால் வாங்கக் கிளம்பினார். முருகன் தலையாட்டினான். டப்பாவில் கொட்டை போடுவதை அவர் சொல்லவில்லை. அது அவனுக்கே தெரியும்.*

இந்த நாலு வரிக்குள் மூன்று வேலை முடிந்துவிட்டது. வழக்கம் தெரிந்தது, டப்பா தெரிந்தது, பையன் கொஞ்ச நேரம் கல்லாவில் தனியாக இருந்தான் என்பதும் தெரிந்தது. கடைசியாகச் சொன்னதுதான் பின்னால் சந்தேகத்துக்கு இடம் தரும். அதை அழுத்திச் சொல்லாதீர்கள்.

நான்காம் படி: விளக்குக்கு வேலை கொடுங்கள்

செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் மாதத்தில் காற்று விடாமல் அடிக்கும். ரோட்டோரக் கடையில் திறந்த சிம்னி விளக்கு நிற்காது. அரிக்கன் விளக்குதான் சரி. அதன் கண்ணாடியைச் சாயங்காலமே துணியில் சாம்பல் தொட்டுத் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் பாதி வெளிச்சம் கரியிலேயே போய்விடும். திரியை அதிகம் ஏற்றினால் புகை கட்டும், மண்ணெண்ணெயும் வீண். ஆகவே "திரியக் குறை" என்று அப்பா சொல்வார். வலது கையால் எழுதுகிற பையன் விளக்கை இடது பக்கம் வைத்துக்கொள்வான். வலது பக்கம் வைத்தால் கையின் நிழல் சிலேட்டில் விழும்.

இதெல்லாம் சூழலுக்காக. விளக்குக்கு உண்மையான வேலை நாணயத்தைப் பிரிக்கும்போதுதான் வருகிறது. பழைய இரண்டணாவும் அரையணாவும் சதுரம், முனை மழுங்கியவை. புது ஐந்து பைசாவும் சதுரம். பழைய ஓரணாவின் ஓரம் வளைவு வளைவாக இருக்கும். புது பத்து பைசாவும், சின்னதாக இரண்டு பைசாவும் அதே மாதிரி வளைவு ஓரம். நிறமும் ஏறக்குறைய ஒன்று, பெரும்பாலும் வெள்ளை உலோகம். பகலில் கஷ்டம் இல்லை. மஞ்சள் வெளிச்சத்தில், திரி குறைத்த நிலையில், ஓரணாவும் பத்து பைசாவும் பக்கத்தில் கிடந்தால் பெரியவர்களே ஏமாந்துபோவார்கள்.

அப்போது எப்படிப் பிரித்திருப்பார்கள் என்றால், திருப்பிப் பார்த்துத்தான். குடியரசான பிறகு வந்த ஓரணாவிலும் இரண்டணாவிலும் காளை நிற்கும். அதற்கு முந்தையதில் ராஜா தலை இருக்கும். புதுசில் ஒரு பக்கம் எண் மட்டும் பெரிதாக இருக்கும். இந்தி எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் காளையும் எண்ணும் போதும்:

*முருகன் ஒவ்வொரு காசையும் கட்டை விரலால் தடவித் திருப்பினான். காளை வந்தால் இடது பக்கம், ராஜா வந்தாலும் இடது பக்கம், எண் வந்தால் வலது பக்கம். ஒரு வளைவுக் காசைத் திருப்பாமலே இடது பக்கம் தள்ளினான். அப்பா அதை எடுத்து விளக்குக் கிட்டே கொண்டுபோனார். பத்து. ஒன்றும் சொல்லாமல் வலது பக்கம் வைத்தார்.*

இந்த இடம் இரண்டு விதத்தில் உதவும். விளக்கின் மேல் ஒரு சந்தேகம் விழுகிறது: தப்பாகப் பிரித்ததால்தான் குறைந்ததோ என்று வாசகர் நினைப்பார். அப்பா எவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறார் என்றும் தெரிகிறது. அவரே மேற்பார்த்தும் குறைகிறது என்றால், பிரித்ததில் பிழை இல்லை என்ற முடிவுக்கு அவர் சீக்கிரம் வந்துவிடுவார். அடுத்த சந்தேகம் பையன் மேல்தான்.

ஐந்தாம் படி: சந்தேகத்தை நேராகச் சொல்ல வைக்காதீர்கள்

கொட்டையை எண்ணியாயிற்று: பதினாறு பதினாறாக எட்டுக் குவியல். எட்டு ரூபாய். காசைக் கூட்டியாயிற்று: ஏழு ரூபாய் 88. பையன் சிலேட்டில் கழித்து 12 என்று எழுதுகிறான். இந்த நேரத்தில் அப்பா "நீ எடுத்தியா?" என்று கேட்டால் கதை முடிந்துவிடும். அந்த ஊர் அப்பா அப்படிக் கேட்கவும் மாட்டார்.

*"பன்னெண்டு காசுன்னா எவ்ளோலே?"*

*"ரெண்டணாப்பா."*

*அப்பா திரியைக் கொஞ்சம் ஏற்றினார். "மத்தியானம் நான் பாலுக்குப் போனப்ப யாரு யாரு வந்தா?"*

திரியைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தவர் தானாக ஏற்றுகிறார். கேள்வி வாடிக்கையாளரைப் பற்றியது போல இருக்கிறது. பையனுக்குப் புரிந்துவிடும், வாசகருக்கும் புரிந்துவிடும். இங்கே முருகனின் கண் கலங்கியது, நெஞ்சு படபடத்தது என்று எதையும் சேர்க்க வேண்டாம். அவன் வந்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்லட்டும்: ஸ்டேஷன் போர்ட்டர், மாட்டு வண்டிக்காரர் இரண்டு பேர், மலைக்கு மேலே போகிற லாரி டிரைவர், "ஒரு சாயா" என்று மலையாளத்தில் கேட்ட ஒருத்தர். யார் எந்தக் காசு கொடுத்தார்கள் என்று அவன் நினைவுபடுத்துகிறான். அப்படிச் சொல்லும்போதுதான் அவனுக்கே ஒன்று தட்டுப்படுகிறது: புதுக்காசு கொடுத்தவர்கள் எல்லோரும் ஆறுதான் கொடுத்தார்கள்.

ஆறாம் படி: பையன் கண்டுபிடிப்பதை அப்பாவின் கணக்கில் சொல்ல வையுங்கள்

இந்தக் கதையைப் பலர் கோட்டை விடுவது இங்கேதான். பள்ளிக்கூடத்தில் தசமம் படித்த பையன் "ஆறு புள்ளி இரண்டு ஐந்து" என்று விளக்க, அப்பா வாயடைத்துப் போவதாக எழுதிவிடுவார்கள். அது அப்பாவைச் சிறியவராக்கிவிடும். அவர் கணக்குத் தெரியாதவர் இல்லை. ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு மாகாணி. மாகாணியும் அரைக்காலும் வாய்ப்பாடாகப் படித்த தலைமுறை அது. பதினாறு பதினாறாகக் கூட்டுவதில் மகனைவிட அவர் வேகம். அவருக்குப் புரியாதது நூறு மட்டும்தான்.

ஆகவே கண்டுபிடிப்பு இரண்டு கட்டமாக நடக்க வேண்டும். முதலில் பையன் தனக்காகச் சரிபார்க்கிறான். முதல் சில்லறையை எடுத்த பிறகு பழைய காசு சரியாக ஐந்து ரூபாய், அதாவது எண்பது அணா. எண்பது கொட்டையை ஒதுக்குகிறான். டப்பாவில் மிச்சம் 48. புதுக்காசு 288. ஆறால் வகுத்தால் 48. அதாவது எல்லா டீக்கும் காசு வந்திருக்கிறது; ஒரு கிளாஸ்கூட விடுபடவில்லை. பழசையும் புதுசையும் கலக்காமல் வைத்ததால்தான் இது முடிந்தது. அப்பாவின் பிடிவாதமே மகனைக் காப்பாற்றுகிறது. கதையில் இதைச் சுட்டிக்காட்டாதீர்கள். கவனமாக வாசிக்கிறவர் தானே பிடித்துக்கொள்வார்.

அடுத்தது, அப்பாவுக்குச் சொல்வது:

*முருகன் பதினாறு கொட்டையை எண்ணி அவர் முன்னால் வைத்தான். "இது பழைய காசுன்னா எவ்ளோப்பா?"*

*"ஒரு ரூவா."*

*"புதுக்காசுன்னா ஆறு ஆறா வாங்குதோம். தொண்ணூத்தாறுதான் வருது. நாலு நம்மகிட்ட வரவே இல்ல."*

*அப்பா கொட்டையைப் பார்த்தார். மிச்சம் இருந்த முப்பத்திரண்டையும் அவரே இரண்டாகப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூன்று குவியல்.*

*"மூணு நாலு பன்னெண்டு" என்றார்.*

பதில் அப்பாவின் வாயிலிருந்து வரட்டும். மகன் ஒரு குவியல் வைக்க, அப்பா மீதி இரண்டையும் தானே வைக்க, கணக்கு அவருடையதாகிவிடுகிறது. இங்கே "என்னை மன்னிச்சிடு" என்ற வசனம் தேவையில்லை. இரண்டணா காணோம் என்ற பேச்சு அதோடு போய்விட்டது என்று இருவருக்கும் தெரியும்.

ஏழாம் படி: கண்டுபிடித்த பிறகு என்ன செய்கிறார்கள்

டீக்கடைக்காரர் விஷயம் தெரிந்ததும் அடுத்து யோசிப்பது, இதை எப்படிச் சரிக்கட்டுவது என்றுதான். நாளுக்குப் பன்னிரண்டு பைசா என்றால் முப்பது நாளைக்கு மூன்று ரூபாய் அறுபது பைசா. இன்று 48 பேர் புதுக்காசு கொடுத்தார்கள், இன்னும் கொஞ்ச நாளில் எல்லோரும் கொடுப்பார்கள். 128 டீயும் ஆறு ஆறாக வந்தால் நாளுக்கு 32 பைசா போகும்.

வழி அட்டவணையிலேயே இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து வந்து ஒருவர் காசு கொடுத்தால் 25 பைசா, ஒன்றும் குறையாது. மூன்று பேருக்குச் சேர்த்து வாங்கினால் பதினெட்டே முக்கால் என்பது 19 ஆகும், கடைக்குக் கால் பைசா கூடும். இரண்டு பேருக்குச் சேர்த்து வாங்கினால் 12-தான், அதில் லாபமில்லை. பையன் இதைச் சொன்னதும் அப்பா ஒரு முடிவு எடுக்க வேண்டும். அந்த முடிவில்தான் அவர் யார் என்று தெரியும். தனியாக வருகிறவரிடம் ஏழு பைசா கேட்டுவிடலாம் என்பது சுலபமான வழி. அந்தச் சபலத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு, பிறகு பேச விடுங்கள்:

*"ஏழா வாங்கினா என்னப்பா?"*

*"ஏழுன்னா ஓரணாவுக்கு மேல போயிருதுல்லா. வேண்டாம். மூணு பேரு, நாலு பேரு சேந்து வந்தா தனித்தனியா வாங்காத, சேத்து வாங்கு. ஒத்தையா வாரவன்கிட்ட ஆறே வாங்கு."*

கதையை இதோடு நிறுத்திவிடலாம். அடுத்த நாள் காலை, பள்ளிக்கூடம், பிற்காலத்தில் முருகன் பெரிய ஆளானது எதுவும் வேண்டாம். விளக்கை ஊதி அணைக்கிற காட்சியும் வேண்டாம். எத்தனையோ கதைகள் அப்படி முடிந்துவிட்டன.

எழுதி முடித்த பிறகு சரிபார்ப்பது

முதலில் எண்களை மட்டும் தனியாக ஒரு தாளில் எடுத்து எழுதுங்கள். நம் கதையில் வாசகர் கண்ணில் படுகிறவை கொஞ்சம்தான்: 128 கொட்டை, எட்டு ரூபாய், ஏழு ரூபாய் 88, பன்னிரண்டு, பதினாறுக்குத் தொண்ணூற்றாறு. இதற்கு மேல் வந்தால் வாசகர் சலித்துப்போவார். 80, 48, 288 மூன்றும் பையன் சிலேட்டில் போடுகிற ஒரே பத்தியில் வந்து போகட்டும். மாத நஷ்டம் வேண்டுமானால் ஒரு வரியில் வரலாம், இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. பற்று நோட்டை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கடன் சொன்னவர்களைக் கொண்டுவந்தால் குறைவதற்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும், கால் பைசா கண்ணுக்குத் தெரியாமல் போகும். கடையில் கடன் இல்லை என்று ஒரு பலகை தொங்கினால் போதும்.

அடுத்தது பேச்சு. செங்கோட்டைத் தமிழில் நெல்லை வாடை உண்டு, மலையாளச் சொல்லும் அங்கங்கே கலக்கும். ஆனால் அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே "லே"யை வரிக்கு வரி போடாதீர்கள். அப்பா கோபப்படாதபோது ஒன்று, சந்தேகப்படும்போது ஒன்று, அது போதும். மகன் பெரும்பாலும் "அப்பா" என்று சேர்த்தே பேசுவான். அதை எடுத்துவிட்டால் அந்த ஊர்ப் பிள்ளையாக இருக்க மாட்டான்.

கடைசியாக விலை. உங்கள் கதையில் டீ ஓரணாவாக இருக்க வேண்டும் என்று இல்லை. அரையணா என்று வைத்தால் மூன்றே அரைக்கால் பைசா, வாங்குவது மூன்று. ஒரு டீக்கு அரைக்கால் பைசா குறையும், இரண்டணா குறைய 96 டீ புதுக்காசில் போக வேண்டும். ஒன்றரை அணா என்றால் ஒன்பது பைசாதான் வாங்க முடியும். ஒரு டீக்கு அரைக்காலும் காலும் சேர்ந்து குறையும், 32 டீயிலேயே பன்னிரண்டு பைசா போய்விடும். சித்தூர்ப் பக்கம், நகரி, புத்தூர் என்று ஆந்திர எல்லையில் வைத்தாலும் இதே கணக்கு அப்படியே செல்லும். சக்கரத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அது திருவிதாங்கூர்க்காரர்களின் காசு. அங்கே அப்பாவின் அவநம்பிக்கைக்கு வேறு ஒரு காரணம் தேட வேண்டியிருக்கும். 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோதும், கதையைச் சில ஆண்டு தள்ளி வைத்தால் 1960-ல் எல்லை திருத்தியபோதும் ஊர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறியதை அதற்குப் பயன்படுத்தலாம்.